இரண்டு ரகத் தேயிலைத் தூளைக் கலந்தால் ஒரு கிலோவின் அடக்க விலை எவ்வளவு? விற்பனை விலையை நிர்ணயிப்பது எப்படி?

குன்னூர்: மேட்டூரிலிருந்து மாதேசுவரன் மலைக்குச் செல்லும் சாலையில், தமிழ்நாடு - கர்நாடக எல்லையில் அமைந்துள்ளது பாலாறு. பழைய மைசூரு மாவட்டத்தில் இருந்த இப்பகுதி, 1997-ஆம் ஆண்டு அம்மாவட்டத்திலிருந்து பிரித்து அமைக்கப்பட்ட சாமராஜநகர் மாவட்டத்தில் தற்போது உள்ளது. இதுபோன்ற எல்லையோரச் சாலைகளில் உள்ள தேநீர்க் கடைகளுக்கும் மளிகைக் கடைகளுக்கும் கால் கிலோ பாக்கெட்டுகளில் தேயிலைத் தூள் வழங்குபவர்களில் பலர் சிறு வணிகர்கள். அவர்கள் ஒரே ரகத் தூளை அப்படியே விற்பதில்லை. இரண்டு ரகங்களை வாங்கி, ஒரு விகிதத்தில் கலந்து, பாக்கெட்டில் அடைத்து விற்கின்றனர்.

அந்தக் கலவையின் ஒரு கிலோ அடக்க விலையைக் கணக்கிடுவது பள்ளிப் பாடத்தில் உள்ள எளிய கணக்குதான். ஆயினும், நடைமுறையில் இக்கணக்கு நான்கு இடங்களில் தவறுகிறது. தவறினால் வணிகரின் இலாபம் கரைகிறது. அல்லது அதை ஈடுகட்டத் தேநீரின் தரம் குறைகிறது. கணக்கு எவ்வாறு போடப்படுகிறது, எங்கே பிழைக்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டு மூலம் காண்போம்.

ஏன் இரண்டு ரகம்?

நீலகிரி மாவட்டத்தில் விளையும் தேயிலையின் பெரும்பகுதி, இலையை நசுக்கி, கிழித்து, உருட்டும் சி.டி.சி. முறையில் தூளாக்கப்படுகிறது. ஆலையில் உலர்த்தப்பட்ட தூள் சல்லடைகளில் சலிக்கப்பட்டு, துகளின் அளவுக்கேற்ப ரகம் பிரிக்கப்படுகிறது. பருமனான குருணைகள் 'லீஃப்' வகையைச் சேர்ந்தவை, பி.ஓ.பி. என்பது அவற்றுள் ஒன்று. நுண்ணிய துகள்கள் 'டஸ்ட்' வகையைச் சேர்ந்தவை, ஆர்.டி., எஸ்.ஆர்.டி., எஸ்.எஃப்.டி. ஆகியவை அவற்றின் ரகப் பெயர்கள்.

டஸ்ட் என்ற சொல்லைக் கேட்டு அதைக் கழிவு என்று கருதக்கூடாது. நுண்ணிய துகளில் நீர் விரைவாக ஊடுருவுவதால் சாறு உடனே இறங்குகிறது. பால் சேர்த்தாலும் நிறமும் கடுப்பும் நிற்கின்றன. கொதிக்கும் நீரைப் பையில் ஊற்றிச் சாறு இறக்கும் தென்னிந்தியத் தேநீர்க் கடைகள் டஸ்ட் ரகத்தை விரும்புவதற்குக் காரணம் இதுவே. லீஃப் வகையில் சாறு மெதுவாக இறங்கும். மணமும் மென்மையான சுவையும் அதில் கூடுதலாக இருக்கும். இரண்டையும் கலந்தால் நிறம், கடுப்பு, மணம், விலை ஆகிய நான்கையும் ஓரளவு கட்டுக்குள் வைக்கலாம்.

நீலகிரித் தேயிலை 1963-ஆம் ஆண்டு முதல் குன்னூர் ஏல மையத்தில் விற்கப்பட்டு வருகிறது. லீஃப், டஸ்ட் ஆகிய இரு வகைகளும் அங்குத் தனித்தனியாக ஏலம் விடப்படுகின்றன. ஒவ்வொரு வார ஏலத்திலும் விலை மாறக்கூடும். இரண்டு ரகங்களும் ஒரே அளவில் ஏறுவதோ இறங்குவதோ இல்லை. கலவை வணிகரின் கணக்கு தொடங்குவது இங்கேதான்.

நடுவில் நிற்காத சராசரி

பாலாறு வழித்தடத்தில் உள்ள கடைகளுக்குத் தூள் வழங்கும் ஒரு வணிகரை எடுத்துக்கொள்வோம். அவர் எஸ்.ஆர்.டி. ரகத்தைக் கிலோ 150 ரூபாய்க்கும், பி.ஓ.பி. ரகத்தைக் கிலோ 110 ரூபாய்க்கும் வாங்குகிறார். இவை கணக்கை விளக்குவதற்காக வைத்துக்கொண்ட விலைகள். இன்றைய ஏல விலைகள் அல்ல. கலவை விகிதம் 3:2. அதாவது, ஐந்து கிலோ கலவையில் மூன்று கிலோ எஸ்.ஆர்.டி., இரண்டு கிலோ பி.ஓ.பி.

150, 110 ஆகிய இரு விலைகளையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 130 ரூபாய் வரும். முதல் பிழை இதுதான். இரண்டு ரகங்களையும் சம அளவில் கலந்தால் மட்டுமே இந்த விடை சரி. இங்கே விலை உயர்ந்த ரகம் கூடுதலாக இருப்பதால், கலவையின் விலை அந்தப் பக்கமே சாயும். எனவே, ஒவ்வொரு விலையையும் அதன் பங்கால் பெருக்கிக் கூட்டி, மொத்தப் பங்கால் வகுக்க வேண்டும். பாடநூல்களில் இது நிறையிட்ட சராசரி எனப்படுகிறது.

மூன்று கிலோ எஸ்.ஆர்.டி.யின் விலை 450 ரூபாய். இரண்டு கிலோ பி.ஓ.பி.யின் விலை 220 ரூபாய். மொத்தம் 670 ரூபாய். இதை ஐந்தால் வகுத்தால், ஒரு கிலோ கலவையின் கொள்முதல் விலை 134 ரூபாய். முந்தைய விடைக்கும் இதற்கும் நான்கு ரூபாய் வேறுபாடு. 500 கிலோ கலக்கும்போது இந்த நான்கு ரூபாய் 2,000 ரூபாயாகிறது.

தராசா, டின்னா?

இரண்டாவது பிழை கணக்கில் அல்ல, கலக்கும் இடத்தில் நிகழ்கிறது. 3:2 என்பது எடையின் விகிதம். ஆனால், அவசரத்தில் மூன்று டின் டஸ்ட், இரண்டு டின் லீஃப் என்று கொட்டிக் கலப்பவர்களும் உண்டு. நுண்ணிய டஸ்ட் இடைவெளியின்றிப் படியும். குருணையான லீஃப் காற்றிடைவெளி விட்டு நிற்கும். அதனால், ஒரே டின்னில் இரண்டின் எடையும் ஒன்றாக இராது.

ஒரு டின்னில் டஸ்ட் 450 கிராமும் லீஃப் 380 கிராமும் பிடிப்பதாகக் கொள்வோம். மூன்று டின் டஸ்ட் 1,350 கிராம்; இரண்டு டின் லீஃப் 760 கிராம். கலவையில் டஸ்ட்டின் பங்கு 60 விழுக்காட்டிலிருந்து 64 விழுக்காடாக உயர்ந்துவிடுகிறது. ஒரு கிலோவின் கொள்முதல் விலையும் 134 ரூபாயிலிருந்து ஏறத்தாழ 135 ரூபாய் 60 காசாகிறது. ஏட்டில் எழுதிய விலைக்கும் மூட்டையில் உள்ள சரக்குக்கும் இடையே இந்த ஒன்றரை ரூபாய் காணாமல் போகிறது. மாத இறுதியில் இருப்பு எடுக்கும்போது, டஸ்ட் எதிர்பார்த்ததைவிட விரைவாகத் தீர்ந்து, லீஃப் மீந்து நின்றால் பிழை இங்கேதான் என்று அறியலாம்.

எடை போட்டே கலந்தாலும் மற்றொரு சிக்கல் உண்டு. துகளின் அளவில் மிகுந்த வேறுபாடு உள்ள இரண்டு ரகங்களைக் கலந்து வண்டியில் ஏற்றினால், வழியெல்லாம் ஏற்படும் அதிர்வில் நுண்துகள் கீழே இறங்கிவிடும். குருணை மேலே நிற்கும். மூட்டையின் மேற்பகுதியிலிருந்து அடைத்த பாக்கெட் வெளிறிய தேநீரையும், அடிப்பகுதியிலிருந்து அடைத்த பாக்கெட் கடும் தேநீரையும் தரும். மேலிருந்தும் அடியிலிருந்தும் 100 கிராம் வீதம் எடுத்து, ஒரே சல்லடையில் சலித்துப் பார்த்தால் இது தெரிந்துவிடும். துகள் அளவில் அடுத்தடுத்து வரும் ரகங்களைத் தேர்ந்தெடுப்பதும், கலந்த இடத்திலேயே பாக்கெட்டில் அடைத்துவிடுவதும் இதற்குத் தீர்வு.

134 ரூபாய் 150 ரூபாயாவது எப்படி?

கொள்முதல் விலையே அடக்க விலை ஆகிவிடாது. நமது வணிகர் 300 கிலோ எஸ்.ஆர்.டி.யை 45,000 ரூபாய்க்கும், 200 கிலோ பி.ஓ.பி.யை 22,000 ரூபாய்க்கும் வாங்கியிருக்கிறார். மொத்தம் 67,000 ரூபாய். வண்டி வாடகையும் ஏற்றுகூலி, இறக்குகூலியும் 2,000 ரூபாய். கலப்பதற்கும் அடைப்பதற்கும் கூலி, மின்சாரம் 1,500 ரூபாய்.

மூட்டையைப் பிரித்து, கலந்து, அடைக்கும்போது தூள் பறக்கும், சிந்தும். பாக்கெட்டில் சில கிராம் கூடுதலாகவும் விழும். இந்தச் சேதாரம் ஒரு விழுக்காடு என்று கொண்டால், 500 கிலோவில் விற்பனைக்குக் கிடைப்பது 495 கிலோ. அது 1,980 கால் கிலோ பாக்கெட்டுகள். பாக்கெட் உறை ஒன்றுக்கு இரண்டு ரூபாய் வீதம் 3,960 ரூபாய்.

எல்லாவற்றையும் கூட்டினால் மொத்தச் செலவு 74,460 ரூபாய். இதை 500-ஆல் அல்ல, 495-ஆல் வகுக்க வேண்டும். ஏனெனில் பணம் திரும்பி வருவது விற்கும் கிலோவிலிருந்து மட்டுமே. அவ்வாறு வகுத்தால், ஒரு கிலோவின் உண்மையான அடக்க விலை 150 ரூபாய் 42 காசு.

வரியைப் பொறுத்தவரை, தேயிலைக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 5 விழுக்காடு. வழக்கமான முறையில் பதிவு செய்த வணிகர், வாங்கும்போது செலுத்திய வரியை, விற்கும்போது வசூலிக்கும் வரியில் கழித்துக்கொள்ளலாம். ஆகவே, அவர் அதை அடக்க விலையில் சேர்க்க வேண்டியதில்லை. பதிவு செய்யாதவருக்கு இந்தச் சலுகை கிடையாது. அவருக்கு 134 ரூபாய் என்பது தொடக்கத்திலேயே 140 ரூபாய் 70 காசு ஆகிவிடுகிறது. பெரிய வணிகரின் விலைப்பட்டியலைப் பார்த்து அதே விலைக்கு விற்கும் சிறு வணிகர் நட்டப்படுவதற்கு இது ஒரு காரணம்.

20 விழுக்காடு எதன் மீது?

விற்பனை விலையை நிர்ணயிக்கும்போது வருவது மூன்றாவது பிழை. '20 விழுக்காடு இலாபம்' என்று சொல்லும்போது, அது அடக்க விலையின் மீதா, விற்பனை விலையின் மீதா என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

அடக்க விலையின் மீது 20 விழுக்காடு என்றால், 150 ரூபாய் 42 காசுடன் அதன் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்ட வேண்டும். விற்பனை விலை ஏறத்தாழ 180 ரூபாய் 50 காசு. விற்பனை விலையில் 20 விழுக்காடு மிஞ்ச வேண்டும் என்றால், அடக்க விலை என்பது விற்பனை விலையின் 80 விழுக்காடு. அப்போது 150 ரூபாய் 42 காசை 0.80-ஆல் வகுக்க வேண்டும். விடை 188 ரூபாய் 3 காசு. இரண்டுக்கும் இடையே கிலோவுக்கு ஏழரை ரூபாய் வேறுபாடு.

கடை வாடகையும் கடன் தவணையும் விற்றுமுதலில் இத்தனை விழுக்காடு என்று திட்டமிடும் வணிகர், அடக்க விலையின் மீது 20 விழுக்காட்டைக் கூட்டினால், அவருடைய விற்றுமுதலில் உண்மையில் மிஞ்சுவது 16.67 விழுக்காடு மட்டுமே. சரக்கு நன்றாக விற்றும் கையில் பணம் நிற்காததன் காரணம் பல நேரங்களில் இதுதான்.

நமது வணிகர் சில்லறையை விட்டுவிட்டு, கிலோ 180 ரூபாய் என்று விலை வைக்கிறார் என்று கொள்வோம். 495 கிலோவுக்கு 89,100 ரூபாய் வரும். செலவான 74,460 ரூபாயைக் கழித்தால், இலாபம் 14,640 ரூபாய். வரியைச் சேர்த்தால் கடைக்காரர் செலுத்துவது கிலோவுக்கு 189 ரூபாய். கால் கிலோ பாக்கெட்டுக்கு 47 ரூபாய் 25 காசு. பாக்கெட்டில் அச்சிடும் அதிகபட்ச சில்லறை விலை எல்லா வரிகளையும் உள்ளடக்கியதாக இருக்க வேண்டும் என்பதால், கடைக்காரரின் இலாபத்துக்கும் இடம்விட்டு, அவ்விலையை 54 ரூபாய் என்று அச்சிடலாம்.

ஏல விலை ஏறினால் விகிதத்தை மாற்றலாமா?

அடுத்த மாதம் எஸ்.ஆர்.டி. 165 ரூபாயாகவும், பி.ஓ.பி. 112 ரூபாயாகவும் உயர்ந்துவிட்டதாகக் கொள்வோம். அதே 3:2 விகிதத்தில் கலந்தால் கொள்முதல் விலை 143 ரூபாய் 80 காசு. கிலோவுக்கு 9 ரூபாய் 80 காசு கூடுகிறது. கால் கிலோ பாக்கெட்டுக்கு ஏறத்தாழ இரண்டரை ரூபாய். ஆனால், 54 ரூபாய் என்று அச்சிட்ட உறைகள் கையில் இருக்கின்றன. வாடிக்கையாளரும் விலை உயர்வை விரும்பமாட்டார்.

இந்நிலையில் பலரும் செய்வது, பழைய 134 ரூபாயைப் பிடித்துவைத்துக்கொண்டு விகிதத்தை மாற்றுவது. அதற்கும் ஓர் எளிய வழி உண்டு. ஒவ்வொரு ரகத்தின் விலைக்கும் இலக்கு விலைக்கும் உள்ள வேறுபாட்டை எடுத்து, இடம் மாற்றி எழுத வேண்டும். 165-க்கும் 134-க்கும் வேறுபாடு 31, இது பி.ஓ.பி.யின் பங்கு. 134-க்கும் 112-க்கும் வேறுபாடு 22, இது எஸ்.ஆர்.டி.யின் பங்கு. புதிய விகிதம் 22:31. 500 கிலோவில் எஸ்.ஆர்.டி. 300 கிலோவிலிருந்து 207.5 கிலோவாகக் குறைகிறது.

நான்காவது பிழை இதுவே. ரூபாய்க் கணக்கு சரியாக வரும். கோப்பையில் தேநீர் சரியாக வராது. கடுப்புத் தரும் ரகத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டால், நிறமும் கடுப்பும் குறையும். தேநீர்க் கடைக்காரர் அதை முதல் நாளிலேயே கண்டுகொள்வார். ஏனெனில், அவர் பார்ப்பது ஒரு கிலோவின் விலையை அல்ல, ஒரு கிலோவில் எத்தனை கோப்பை இறங்குகிறது என்பதை.

கோப்பைக்கு 2.5 கிராம் போதும் என்றால், ஒரு கிலோவில் 400 கோப்பை கிடைக்கும். 189 ரூபாய்த் தூளில் ஒரு கோப்பைக்கு ஆகும் தூள் செலவு 47 காசு. தூள் வெளிறியதால் கோப்பைக்கு 3 கிராம் போட வேண்டியிருந்தால், 333 கோப்பைதான் கிடைக்கும். அந்தத் தூளைக் கிலோ 176 ரூபாய்க்குக் கொடுத்தாலும், ஒரு கோப்பைக்கு ஆகும் செலவு ஏறத்தாழ 53 காசு. கிலோவுக்கு 13 ரூபாய் மலிவான தூள், கோப்பைக் கணக்கில் விலை உயர்ந்ததாகிவிடுகிறது.

எனவே, விகிதத்தை மாற்றும் முன் சிறிய அளவில் கலந்து சுவைத்துப் பார்ப்பது தேர்ந்த வணிகர்களின் வழக்கம். பழைய விகிதத்தில் 100 கிராம், புதிய விகிதத்தில் 100 கிராம் தனித்தனியாகக் கலக்கப்படுகின்றன. தேயிலைச் சாறு தயாரிப்பதற்கான சர்வதேசத் தர முறைப்படி, 100 மில்லிலிட்டர் கொதிநீருக்கு 2 கிராம் தூள் இட்டு, 6 நிமிடம் ஊறவைத்து இரண்டும் அருகருகே ஒப்பிடப்படுகின்றன. வேறுபாடு தெளிவாகத் தெரிந்தால், விகிதத்தை ஓரளவு மட்டும் மாற்றி, மீதியை விலையில் ஏற்றுவதே நிலைக்கும் வழி. அல்லது, அதே கடுப்புள்ள மற்றொரு ஆலையின் எஸ்.ஆர்.டி. குறைந்த விலைக்குக் கிடைக்கிறதா என்று ஏலப் பட்டியலில் தேட வேண்டும். ரகப் பெயர் துகளின் அளவை மட்டுமே குறிக்கிறது. ஒரே ரகப் பெயரில் வெவ்வேறு ஆலைகளின் தூள் வெவ்வேறு விலைக்குப் போவது வழக்கமே.

கணக்கு காட்டும் எல்லைக்கோடு

இடம் மாற்றி எழுதும் முறைக்கு ஓர் எல்லை உண்டு. இலக்கு விலை இரண்டு ரகங்களின் விலைகளுக்கு இடையே இருந்தால்தான் விடை கிடைக்கும். 165 ரூபாய்த் தூளையும் 112 ரூபாய்த் தூளையும் எந்த விகிதத்தில் கலந்தாலும், கிலோ 105 ரூபாய்க்குக் கலவை கிடைக்காது. கலவையின் விலை, அதிலுள்ள மலிவான ரகத்தின் விலைக்குக் கீழே ஒருபோதும் இறங்காது.

வாங்குபவருக்கு இந்த விதி ஓர் எச்சரிக்கை மணி. பாக்கெட்டில் அடைத்து, வண்டியில் ஏற்றி, வரியும் செலுத்தி வரும் தூள், ஏலத்தில் விற்கும் மிக மலிவான ரகத்தைவிடவும் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது என்றால், அதில் தேயிலை அல்லாத மூன்றாவது பொருள் ஒன்று கலந்திருக்கக்கூடும். ஒருமுறை சாறு எடுத்த சக்கையை உலர்த்தி, சாயமேற்றிச் சேர்ப்பது நெடுங்காலமாகக் கண்டறியப்பட்டுவரும் கலப்படம். இரண்டு ரகத் தேயிலைகளைக் கலப்பது சட்டப்படியான வணிகம். சாயமும் சக்கையும் சேர்ப்பது குற்றம். உணவுப் பாதுகாப்புத் தர விதிகளின்படி, தேயிலையில் நீரில் கரையும் சாற்றின் அளவு 32 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது. சாறு இறங்கிய சக்கை ஆய்வகச் சோதனையில் சிக்குவது இந்த அளவுகோலால்தான்.

வீட்டிலும் கடையிலும் செய்யக்கூடிய முதற்கட்டச் சோதனை ஒன்றும் உண்டு. வடிதாளின் மீது சிறிதளவு தூளைப் பரப்பி, சில துளி நீர் தெளித்து ஈரமாக்க வேண்டும். பின்னர் தூளை அகற்றி, தாளைக் குழாய் நீரில் அலசி, வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். தூய தேயிலை தாளில் கறை விடாது. சாயம் ஏற்றிய சக்கை கலந்திருந்தால், தாளில் கருமை கலந்த பழுப்புக் கறை உடனே தெரியும். கறை தெரிந்தால், அந்தத் தூளைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டு, பாக்கெட்டையும் வாங்கிய ரசீதையும் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் ஒப்படைத்துப் புகார் அளிக்கலாம்.